டீச்சர் எழுதிய பத்தியை வாட்ஸப் பட்டியலாக்குவது: கேள்வி பதில்

எங்க டீச்சர் வகுப்பறைக் குறிப்பை ஒரே பத்தியா எழுதிக் கொடுத்துட்டாங்க. குரூப்ல போடணும். எங்கிருந்து பிரிக்கிறது?

வினைச்சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். உதாரணத்துக்கு இந்த வாக்கியம்: "கேள்வியை வகுப்பு முழுவதற்கும் கேட்டுவிட்டு மூன்று வினாடி பொறுத்து அதன்பின் ஒரு பெயரைச் சொன்னால் எல்லோரும் யோசிப்பார்கள், பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் கவனம் கலைந்துவிடும்." இதில் செயல் மூன்று, மிச்சம் காரணம்.

```
*கேள்வி கேட்கும்போது*
1. முழு வகுப்பிடமும் கேளுங்கள்.
2. 3 வினாடி பொறுங்கள்.
3. பிறகு ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

பெயர் முதலில் வந்தால் மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள்.
```

தமிழில் வினை கடைசியில் வருவதுதான் இங்கே சிக்கல். வரி நீண்டால், என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதே சின்னத் திரையில் மூன்றாவது வரிக்குப் போய்விடும். ஒரு குறிப்புக்கு நாலைந்து சொல் போதும். பட்டியல் முழுக்க 'கேளுங்கள், பொறுங்கள்' என்றே போகட்டும். நடுவில் ஒரு 'பொறுக்க வேண்டும்' வந்தால் வாசிப்பு தட்டும்.

'பொறுமை தேவை'ன்னு ரெண்டு சொல்லுல முடிச்சா இன்னும் சுருக்கமா இருக்குமே?

சுருக்கம் சரி, ஆனால் குறிப்பு செத்துவிட்டது. அதன் உயிரே அந்த 3 வினாடிதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே காட்டியது இது: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று வினாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது. எண்ணையும், 'முதல் வாரம் மட்டும்' போன்ற நிபந்தனையையும் வெட்டாதீர்கள். 'மிகவும்', 'என்பது குறிப்பிடத்தக்கது' இவற்றைத் தாராளமாக வெட்டலாம்.

தலைப்புக்கு நட்சத்திரக்குறி போட்டேன். தடிமனா ஆகாம முன்னாடி புள்ளி வருது.

முதல் குறிக்குப் பின் இடைவெளி விட்டிருப்பீர்கள். வரியின் தொடக்கத்தில் `* ` வந்தால் வாட்ஸப் அதைப் பட்டியல் புள்ளியாக எடுத்துக்கொள்ளும். குறியும் எழுத்தும் ஒட்டியே இருக்கட்டும்.

எனக்கு வேற பிரச்சினை. டீச்சரோட வேர்டு ஃபைல்ல இருந்து ஒட்டினா 'கேள்வி'க்குப் பதிலா Nfs;tp ன்னு வருது!

அது பாமினி எழுத்துரு. யூனிகோடு மாற்றியில் போட்டு எடுங்கள். ஒரு எச்சரிக்கை: நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் தமிழ் எழுத்தாக்கிக் குழப்பிவிடும். அவற்றை எடுத்துவைத்து, மாற்றியபின் கையால் தட்டச்சுங்கள்.

இதையே கரும்பலகையில பிள்ளைங்களுக்கு எழுதிப் போடலாமா?

இது ஆசிரியர் செய்ய வேண்டியது, பிள்ளைகளுக்கானது அல்ல.

எல்லாத்துக்கும் எண் போட்டா கண்டிப்பான வரிசைன்னு நினைச்சுக்கிறாங்களே?

அதனால்தான் வரிசை முக்கியமான இடத்தில் மட்டும் எண், மற்றதற்கு `- ` என்பது என் வழக்கம். ஆனால் குரூப்பில் "4-வது புரியல" என்று கேட்க எண் வசதி என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.