சரியாக 1000 ரூபாய்க்கு வாங்கியவருக்கு டெலிவரி இலவசமா?

கேள்வி: வீட்டிலேயே முறுக்கு, அதிரசம், தட்டை செய்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து அனுப்புகிறேன். பட்டியலில் "500 ரூபாய் வரை டெலிவரி 60, 500 முதல் 1000 வரை 30, 1000-க்கு மேல் இலவசம். குறை இருந்தால் 3 நாட்களுக்குள் சொல்லவும்" என்று போட்டிருக்கிறேன். சரியாக 1000-க்கு வாங்கிய ஒருவர், 30 ரூபாய் ஏன் கேட்கிறீர்கள் என்று சண்டைக்கு வந்துவிட்டார். யார் பக்கம் நியாயம்? இதை எப்படி எழுத வேண்டும்? இன்னொன்று: கூகுள் ஷீட்டில் மாதக் கணக்குப் போட்டால் கடைசி நாள் ஆர்டர்கள் விட்டுப்போகின்றன. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: எழுத்துப்படி பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. "1000 வரை" என்றால் 1000-உம் அதில் அடங்கும். "1000-க்கு மேல்" என்றால் 1000-ஐத் தாண்ட வேண்டும். ஆனால் அவர் கேட்டதிலும் தப்பில்லை. "ஆயிரத்துக்கு மேல் வாங்கினால் பை இலவசம்" என்று கடைக்காரர் கூவும்போது, சரியாக ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியவருக்குப் பை கிடையாது என்று யாரும் நினைப்பதில்லை. பேச்சில் "மேல்" என்பது "அதுவும் அதற்கு மேலும்" என்ற பொருளில்தான் பாதி நேரம் புழங்குகிறது. ஒரு வாசகம் இரண்டு விதமாகப் பொருள்பட்டால் அதை எழுதிக் கொடுத்தவருக்குப் பாதகமான பொருளை எடுத்துக்கொள்வது ஒப்பந்தச் சட்டத்தில் பழைய வழக்கம். பட்டியலை எழுதியவர் நீங்கள். அதனால் அந்த 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அப்புறம் பட்டியலைத் திருத்துங்கள்.

உங்கள் பட்டியலில் பெரிய ஓட்டை 1000-இல் இல்லை, 500-இல் இருக்கிறது. "500 வரை 60", "500 முதல் 1000 வரை 30" என்று இரண்டு வரிகள். "வரை", "முதல்" இரண்டுமே தம் எண்ணைச் சேர்த்துக்கொள்ளும் சொற்கள். "திங்கள் முதல் வியாழன் வரை விடுமுறை" என்றால் திங்களும் விடுமுறை, வியாழனும் விடுமுறை, மொத்தம் நான்கு நாள். ஆக, சரியாக 500 ரூபாய்க்கு வாங்கியவருக்கு உங்கள் பட்டியலே இரண்டு கட்டணம் சொல்கிறது. இன்னும் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்யப் பலர் "500 வரை, 501 முதல் 1000 வரை, 1001 முதல்" என்று எழுதுவார்கள். ஆட்களை எண்ணுவதற்கு இது போதும், ஏனென்றால் 500 பேருக்கும் 501 பேருக்கும் நடுவில் எதுவும் கிடையாது. பணத்துக்கும் எடைக்கும் இது உதவாது. அரைக் கிலோ தட்டையைப் பிரித்துக் கொடுக்கும்போதோ 5 சதவீதம் தள்ளுபடி கழிக்கும்போதோ 500.50 என்று ஒரு பில் வரும். அது எந்த வரியிலும் சேராது. எண்ணி முடியும் பொருளுக்கு ஒரு விதி, அளந்து பார்க்கும் பொருளுக்கு வேறு விதி.

அளக்கும் பொருளுக்கு ஒழுங்கான வழி, ஒவ்வொரு எல்லை எண்ணையும் ஒரே ஒரு வரியில் மட்டும் சேர்த்து, பக்கத்து வரியில் வெளிப்படையாக விலக்கிவிடுவது. ரயிலில் குழந்தைக் கட்டணத்தைப் பாருங்கள்: 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. 5 நிறைந்து 12 நிறையாதவர்களுக்குத் தனிப் படுக்கை இல்லாமல் என்றால் பாதிக் கட்டணம். ஐந்தாவது பிறந்தநாளில் எந்தப் பக்கம், பன்னிரண்டாவது பிறந்தநாளில் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கே இடமில்லை. பதினொன்றரை வயதுக்கும் இடம் இருக்கிறது. "5 முதல் 12 வரை" என்று மட்டும் எழுதியிருந்தால் 12 வயதும் நான்கு மாதமும் ஆன பையனை வைத்துக்கொண்டு டிக்கெட் பரிசோதகரிடம் வாதாடிக்கொண்டிருப்போம்.

எல்லை எண்ணை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பது உங்கள் விருப்பம். அரசு பல இடங்களில் கீழ்ப்பக்கம் சேர்க்கும். ஓட்டல் அறைக்கு ஜிஎஸ்டி போடும்போது ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மிகாவிட்டால் குறைந்த வீதம், மிகுந்தால் கூடுதல் வீதம். சரியாக 7,500 என்றால் குறைந்த வீதம்தான். "மிகாமல்" என்ற சொல்லைச் சட்டக்காரர்கள் விரும்புவதற்குக் காரணம், அதில் எல்லை எண் உள்ளே இருக்கிறது என்பதில் சந்தேகமே வராது. உங்களுக்கு நான் மேல்பக்கம் சேர்க்கச் சொல்வேன். வாடிக்கையாளர் 1000 என்ற முழு எண்ணைக் குறிவைத்துத்தான் கூடுதலாக ஒரு பாக்கெட் அதிரசம் சேர்ப்பார். அந்த எண்ணைத் தொட்டவுடன் சலுகை கிடைக்க வேண்டும்.

திருத்திய பட்டியல் இப்படி இருக்கலாம்:

பொருள் விலை 500 ரூபாய்க்குக் குறைவு: டெலிவரி 60
500 ரூபாயும் அதற்கு மேலும், ஆனால் 1000-க்குக் குறைவு: டெலிவரி 30
1000 ரூபாயும் அதற்கு மேலும்: இலவசம்

"குறைந்தது 1000 ரூபாய்க்கு வாங்கினால் இலவசம்" என்றாலும் சரிதான். "குறைந்தது", "அதிகபட்சம்" இரண்டும் தம் எண்ணைச் சேர்த்துக்கொள்ளும், அதில் யாரும் குழம்புவதில்லை. "500-க்கும் 1000-க்கும் இடையே" என்பதை மட்டும் விலைப்பட்டியலில் தொடவே வேண்டாம். திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே உள்ள ஊர் என்றால் திருச்சியும் மதுரையும் அதில் வராது. ஆனால் ஒன்றுக்கும் பத்துக்கும் இடையே ஓர் எண்ணை நினைத்துக்கொள் என்றால் பத்தை நினைப்பவர்களும் உண்டு.

"பொருள் விலை" என்று சேர்த்ததற்கும் காரணம் உண்டு. 1,010 ரூபாய்க்கு வாங்கியவருக்கு 5 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 959.50 வரும். அவருக்கு டெலிவரி இலவசமா? தள்ளுபடிக்கு முன்பா பின்பா என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். எல்லைச் சண்டை என்று நாம் நினைப்பதில் பல, எதை அளக்கிறோம் என்ற சண்டைதான்.

எல்லை எண் இவ்வளவு முக்கியமாவது, அதைத் தாண்டும்போது தொகை சட்டென்று குதிக்கும் இடங்களில் மட்டும். வருமான வரியின் புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை, 4 லட்சத்துக்கு மேல் 8 லட்சம் வரையிலான பகுதிக்கு 5 சதவீதம். எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே கூடுதல் வீதம் என்பதால், சரியாக 4 லட்சம் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் வரி மாறாது. உங்கள் டெலிவரி அப்படி இல்லை, 30 ரூபாய் மொத்தமாகப் போகிறது அல்லது வருகிறது. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்திலும் இரு மாதத்துக்கு 500 யூனிட் என்பது குதிக்கும் எல்லைதான். அதைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்களுக்கும் கட்டணம் கூடும். 500-க்கும் 501-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பில் வந்த பிறகு புரிந்துகொண்ட குடும்பங்கள் ஏராளம்.

அடுத்து "3 நாட்களுக்குள்". பார்சல் திங்கட்கிழமை போய்ச் சேர்கிறது. திங்களையும் சேர்த்து எண்ணினால் புதன் கடைசி. மறுநாளிலிருந்து எண்ணினால் வியாழன். இந்தியச் சட்டங்களில் நாள் எண்ணும்போது தொடக்க நாளை விட்டுவிட்டுக் கடைசி நாளைச் சேர்ப்பதுதான் பொது வழக்கு. 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், பிரிவு 9, அதற்கு வழி செய்கிறது. அந்தப் பிரிவு மத்திய அரசின் சட்டங்களுக்கும் விதிமுறைகளுக்கும் உரியது, உங்கள் பட்டியலுக்கு அல்ல. ஆனால் கணக்கு நியாயமானது: மாலை 7 மணிக்குப் பார்சல் வந்தால் அன்றைய நாளை ஒரு முழு நாளாக எண்ணுவது சரியில்லை. அதனால் "பார்சல் கிடைத்த நாளை விட்டு, அடுத்த 3-ஆம் நாள் இரவு 8 மணி வரை" என்று எழுதுங்கள். மணியும் போட்டால்தான் நள்ளிரவு 11:50-க்கு வரும் செய்தி கணக்கில் வருமா என்ற கேள்வி எழாது. எண்ணெய்ப் பலகாரத்துக்கு இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

இப்போது ஷீட். ஆம், தொடர்பு உண்டு. டெலிவரிக் கட்டணத்துக்கு B2-இல் பொருள் விலை இருந்தால்:

```
=IFS(B2<500, 60, B2<1000, 30, B2>=1000, 0)
```

ஷீட் இடமிருந்து வலமாகப் பார்த்து முதலில் பொருந்தும் இடத்தில் நின்றுவிடும். 500-க்குக் குறைவானவை முதலிலேயே கழிந்துவிடுவதால் இரண்டாவதில் `B2>=500` என்று எழுதத் தேவையில்லை. `ISBETWEEN` போட ஆசைப்பட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: சும்மா விட்டால் அது இரு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும், 1000-உம் 30 ரூபாய்க் கட்டணத்துக்குள் போய்விடும். மேல் முனையை விலக்க வேண்டுமானால் `ISBETWEEN(B2,500,1000,TRUE,FALSE)` என்று கடைசியில் `FALSE` தர வேண்டும்.

மாதக் கணக்கில் கடைசி நாள் ஏன் விட்டுப்போகிறது? உங்கள் ஷீட்டில் ஆர்டரின் தேதியோடு நேரமும் பதிவாகியிருக்க வேண்டும். நீங்கள் "ஏப்ரல் 30 வரை" என்று நினைத்து `<=` ஏப்ரல் 30 என்று கொடுக்கிறீர்கள். ஷீட்டுக்கு வெறும் தேதி என்றால் அந்த நாள் தொடங்கும் நள்ளிரவு 12 மணி. 30-ஆம் தேதி காலை 9:15-க்கு வந்த ஆர்டர் அதைவிடப் பெரிய எண், அதனால் வெளியே போய்விடுகிறது. நம் "வரை" நாள் முழுவதையும் சேர்க்கும், ஷீட்டின் `<=` அந்த ஒரு நொடியை மட்டும் சேர்க்கும். இதை 11:59 என்றெல்லாம் எழுதி ஒட்டுப்போட வேண்டாம். பட்டியலுக்குச் சொன்ன அதே வழி: தொடக்கத்தைச் சேர்த்து, அடுத்த மாதத் தொடக்கத்தை விலக்குங்கள்.

```
=SUMIFS(C:C, A:A, ">="&DATE(2025,4,1),
        A:A, "<"&DATE(2025,5,1))
```

இதில் A நெடுவரிசையில் நேரம், C-இல் தொகை. மாதம் 30 நாளா 31 நாளா, பிப்ரவரி 28-ஆ 29-ஆ என்று பார்க்க வேண்டியதும் இல்லை.

போட்டு முடித்ததும் ஒரு காலி ஷீட்டில் 499.50, 500, 500.50, 999.50, 1000 என்று ஐந்து விலைகளை எழுதி ஓட்டிப் பாருங்கள். 60, 30, 30, 30, 0 என்று வர வேண்டும். மாதக் கணக்குக்கு ஏப்ரல் 30 இரவு 11:55-க்கு ஒரு போலி ஆர்டரும் மே 1 நள்ளிரவு 12 மணிக்கு இன்னொன்றும் போட்டால், முதலாவது மட்டும் ஏப்ரல் மொத்தத்தில் ஏற வேண்டும். இரண்டும் ஏறினாலோ இரண்டும் ஏறாவிட்டாலோ, `<` வர வேண்டிய இடத்தில் `<=` இருக்கிறதா, A நெடுவரிசை தேதியாக இல்லாமல் வெறும் எழுத்தாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.