40 டிரேடில் 26 வெற்றி: இந்த வின் ரேட்டை நம்பலாமா?

கேள்வி: இரண்டு மாதமா நிஃப்டி ஆப்ஷன் வாங்கி இன்ட்ராடே பண்றேன். 40 டிரேடில் 26 லாபம், வின் ரேட் 65%. லாபம் வந்தா சராசரி 1,200 ரூபாய், நட்டம் வந்தா 1,800. இது திறமையா, அதிர்ஷ்டமா? எத்தனை டிரேடுக்கு அப்புறம் நம்பி லாட்டைக் கூட்டலாம்?

பதில்:

உங்கள் கணக்கில் குறைந்தது 350 டிரேட் வேண்டும். புரோக்கரேஜ், வரி எல்லாம் கழிக்காமல் இந்த 1,200, 1,800 எழுதியிருந்தால் 1,200 டிரேடுக்கும் மேல். "30 டிரேட் போதும், 100 டிரேட் போதும்" என்று பொதுவாகச் சொல்லும் எண்களை நம்பாதீர்கள். தேவையான எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். எதனால் மாறுகிறது என்பதை உங்கள் எண்களை வைத்தே காட்டுகிறேன்.

முதலில் 65% என்பதை 50%-உடன் ஒப்பிடுவதை விடுங்கள். ஒரு நட்டம் 1,800, ஒரு லாபம் 1,200 என்றால் கைக்காசு கரையாமல் இருக்கவே 1,800-ஐ 3,000-ஆல் வகுத்த அளவு, அதாவது 60% வெற்றி தேவை. அதுதான் உங்களுடைய பிரேக் ஈவன். ஆகவே உங்கள் திறமைக்குச் சாட்சியாக இருப்பது 65 அல்ல, அதற்கும் 60-க்கும் நடுவில் உள்ள 5 புள்ளிதான்.

அந்த 5 புள்ளி தற்செயலாக வருமா? எந்தத் திறமையும் இல்லாமல் சரியாக 60% வெற்றியோடு ஓடும் ஒருவர், 40 டிரேடில் 26 அல்லது அதற்கு மேல் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று எக்செலில் இப்படிப் பார்க்கலாம்:

```
=1-BINOM.DIST(25,40,0.6,TRUE)
```

விடை சுமார் 0.32. உங்களைப் போல 40 டிரேட் போட்டு, உண்மையில் லாபமும் நட்டமும் இல்லாத நிலையில் இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இதே 26-ஐக் காட்டுவார். சூத்திரத்தில் 26 போடாமல் 25 போட்டிருப்பது பிழை அல்ல. 25 வரைக்கும் உள்ள வாய்ப்பைக் கழித்தால்தான் 26-உம் அதற்கு மேலும் மிஞ்சும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு விதமாகச் சொன்னால், 40-இல் 26 என்ற பதிவுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான வின் ரேட் 50%-ஆகவும் இருக்கலாம், 78%-ஆகவும் இருக்கலாம். 95% நம்பகத்தோடு அதற்கு மேல் சுருக்கிச் சொல்ல முடியாது.

இப்போது 350 எப்படி வந்தது என்று பார்ப்போம்:

```
n = 3.84 × p × (1 − p) ÷ d²
```

3.84 என்பது அதே 95% நம்பகத்துக்கான எண். p உங்கள் வின் ரேட் (0.65). d அதற்கும் பிரேக் ஈவனுக்கும் உள்ள இடைவெளி (0.05). போட்டால் சுமார் 350. கீழே d தன்னாலேயே பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். இடைவெளி பாதியானால் தேவையான டிரேட் நான்கு மடங்காகும். புள்ளியியல் தெரிந்தவர்கள் "350 கூடக் குறைவு" என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. உண்மையிலேயே 65% திறமை இருந்தாலும் 350 டிரேடில் அது தேறப் பாதி வாய்ப்புதான். ஐந்தில் நான்கு முறை தேற வேண்டுமென்றால் 740 வரை போகும். நான் சொல்வது குறைந்தபட்சம்.

செலவு இங்கேதான் கடிக்கிறது. வாங்க 20, விற்க 20 என்று புரோக்கரேஜ் 40 ரூபாய், அதோடு எஸ்டிடி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜிஎஸ்டி சேர்த்து ஒரு டிரேடுக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 1,130-ஆகக் குறையும், நட்டம் 1,870-ஆகக் கூடும். பிரேக் ஈவன் 62.3%. இடைவெளி 5-இலிருந்து 2.7-ஆகிவிட்டது, தேவையான டிரேட் 350-இலிருந்து சுமார் 1,230-ஆகிவிட்டது. மாதம் 20 டிரேட் என்ற உங்கள் வேகத்தில் அது ஐந்து வருடம். மேலே உள்ள எக்செல் சூத்திரத்தில் 0.6-க்குப் பதில் 0.623 போட்டால் 0.43 வரும். அதாவது உங்கள் 26 வெற்றிக்கும் பூவா தலையா போடுவதற்கும் பெரிய தூரம் இல்லை. அதனால் ஆப்பில் தெரியும் லாப நட்டத்தை எடுக்காமல், கான்ட்ராக்ட் நோட்டில் எல்லாம் கழித்து வரும் தொகையை எடுத்து எழுதுங்கள்.

அடுத்து, உங்கள் 40 உண்மையில் 40-தானா? ஒரே காலையில் ஒரே திசையில் மூன்று தடவை கால் ஆப்ஷன் வாங்கி மூன்றும் ஜெயித்திருந்தால், சந்தை உங்களுக்குச் சொன்ன பதில் ஒன்றுதான். மேலே உள்ள கணக்கெல்லாம் ஒரு டிரேடின் முடிவு அடுத்ததைத் தொடாது என்ற அடிப்படையில் நிற்கிறது. டிரேட்களைத் தேதிவாரியாகக் கூட்டி, ஒரு நாளுக்கு ஒரு முடிவு என்று மாற்றுங்கள். 40 டிரேட் 16 நாளில் அடங்கினால் உங்கள் கையில் இருப்பது 40-ஐ விட 16-க்குத்தான் நெருக்கம். நடுவில் விதியை மாற்றியிருந்தால், மாற்றிய தேதியிலிருந்து புதிதாக எண்ண வேண்டும். பத்து செட்டிங் போட்டுப் பார்த்து அதில் நன்றாக ஓடியதைத் தேர்ந்தெடுத்திருந்தால், தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட டிரேட் எதுவும் கணக்கில் சேராது.

டெலிகிராமில் "90% அக்யூரசி" ஸ்கிரீன்ஷாட் போட்டு வகுப்புக்குக் காசு வாங்குபவர்கள்மேல் எனக்குள்ள கோபமும் இதனால்தான். எத்தனை டிரேட், சராசரி நட்டம் எவ்வளவு என்று அந்தப் படத்தில் இருக்காது. இரண்டும் இல்லாத வின் ரேட்டில் எந்தத் தகவலும் இல்லை. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நட்டப்பட்டார்கள் என்று செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அதற்குப் பிறகும் அந்தப் படங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆப்ஷன் விற்பவர்கள் "என் வின் ரேட் 100%, உன் கணக்கு எனக்குப் பொருந்தாது" என்று வருவார்கள். அவர்களுக்கும் கணக்கு உண்டு. வாரம் ஒரு தடவை தூர ஸ்டிரைக்கை விற்று 1,000 ரூபாய் எடுக்கிறீர்கள், விழுந்தால் 25,000 போகும் என்றால் பிரேக் ஈவன் 96.2%. தொடர்ந்து 50 வாரம் ஜெயித்தாலும், விழும் வாய்ப்பு 6% வரை இருக்கலாம் என்றுதான் அந்த 50 சொல்லும் (3-ஐ 50-ஆல் வகுத்தால் வருவது). தாங்கக்கூடியதோ 3.8%. ஒரு நட்டமும் இல்லாமல் 78 வாரம் போனால்தான் அந்தக் கோட்டைத் தாண்டுவீர்கள்.

உங்கள் கேள்விக்கு வந்தால், 350-ஐக் குறைக்க ஒரே வழி d-யைக் கூட்டுவது. சராசரி நட்டத்தை 1,800-இலிருந்து 1,200-க்குக் கொண்டுவந்து, 65% அப்படியே நின்றால், செலவு கழித்தும் பிரேக் ஈவன் 53%-தான். 60 டிரேடிலேயே முடிவு தெரிந்துவிடும். ஆனால் ஸ்டாப் லாஸைச் சுருக்கினால் வின் ரேட்டும் இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, லாட்டைக் கூட்டாமல் அதே ஒரு லாட்டில், புதிய ஸ்டாப் லாஸோடு ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.