ஊசிக்கு முன் சிப், பிறகு பொறுமை

கேள்வி: "கிளிநொச்சியில் இருக்கிறோம். ஆனி மாதம் மகளோடு இருக்க ஜெர்மனிக்குப் போகிறேன். எங்கள் நாலு வயது நாயையும் கூட்டிப் போக வேண்டும். வருடாவருடம் ஊசி போட்ட அட்டை கையில் இருக்கிறது. அங்கே எத்தனை நாள் அடைத்து வைப்பார்கள்?"

பதில்: அம்மா, கடதாசிகள் சரியாக இருந்தால் ஒரு நாளும் அடைக்க மாட்டார்கள். காத்திருப்பு முழுவதும் உங்கள் வளவிலேயே கழியும். ஆனால் அந்த அட்டை இதற்கு உதவாது. முதலில் தோலுக்கடியில் 15 இலக்க மைக்ரோசிப் ஏற வேண்டும். அதற்கு முன்பு போட்ட விசர்நோய்த் தடுப்பூசி எதையும் ஐரோப்பிய ஒன்றியம் கணக்கில் எடுக்காது. எந்த நாய்க்குப் போட்ட ஊசி என்று சிப் இல்லாமல் நிறுவ முடியாதல்லவா?

தை 5இல் மிருக வைத்தியர் சிப்பைப் பொருத்தி, கருவியால் வாசித்துப் பார்த்து, அன்றே ஊசியும் போடுகிறார் என்று வையுங்கள். குறைந்தது 30 நாள் கழித்து, மாசி 6இல் இரத்தம் எடுக்கலாம். அதிலிருந்து பிரித்த சீரம் ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். எதிர்ப்புச்சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 அலகோ அதற்கு மேலோ இருந்தால் தேர்வு. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் போகட்டும். அறிக்கை வந்த நாளிலிருந்து எண்ண வேண்டாம். ஆக, வைகாசி 7இலிருந்து பறக்கலாம். ஆனிப் பயணத்துக்கு இது தாராளம்.

அளவு குறைந்தால் மறுபடி ஊசி, மறுபடி இரத்தம், மறுபடி மூன்று மாதம். அதைவிட வயிற்றெரிச்சல், ஊசியின் செல்லுபடிக் காலம் முடிந்து ஒரு நாள் பிந்திப் போடுவது. தேறிய பரிசோதனையும் அதோடு வீணாகும்.

அரச மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழ் ஜெர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அதை முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். அங்கு இறங்குவதற்கு முன் பத்து நாளுக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும். நீங்களும் நாயும் ஐந்து நாள் இடைவெளிக்குள் பயணம் செய்ய வேண்டும். இல்லையென்றால் அது வணிக இறக்குமதி ஆகிவிடும், விதிகளும் வேறு.

கூட்டை கடைக்காரர் சொல்லும் அளவில் வாங்காமல் நாயை அளந்து வாங்குங்கள். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 60 சென்ரிமீற்றர், தரையிலிருந்து முன்காலின் முழங்கை 30 என்றால், கூட்டின் நீளம் 60உடன் 30இன் பாதியைக் கூட்டி 75. அகலம், தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. நிற்கும்போது காது நுனி மேலே முட்டக் கூடாது. சின்னக் கூட்டை விமான நிலைய முகப்பிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். விமான நிறுவனத்துக்கு இந்த அளவுகளையும் எடையையும் சொல்லி, நாய்க்கு இடம் உறுதியான பிறகே உங்கள் டிக்கெட்டை எடுங்கள்.

தூக்க மருந்து வேண்டாம். உயரத்தில் மூச்சும் இரத்த அழுத்தமும் தளர்ந்துவிடும். வளவெல்லாம் ஓடித் திரிந்த நாய்க்குக் கூடு சிறைதான். அதனால் இரத்தம் எடுத்த நாளிலிருந்தே கூட்டை விறாந்தையில் திறந்து வைத்து, சோற்றை உள்ளேயே வையுங்கள்.