32-ஐ எப்போது கூட்டக் கூடாது? அளவு மாற்றம் பற்றி வாசகர் கேள்விகள்

குன்னூரில் இருந்துகொண்டு பொட்டலக் குறிப்புகள், செய்முறைகள், சரக்கு அனுப்பும் கடிதங்கள் ஆகியவற்றைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றித் தருவது என் வேலை. அளவுகள் குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதல் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். அதிகம் பேர் சறுக்கும் இடமும் அதுவே என்பதால் அவற்றுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கடைக்கு எங்கள் வீட்டுத் தயாரிப்பு சாக்லேட் அனுப்புகிறோம். "18 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, ஏற்ற இறக்கம் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும்" என்பது எங்கள் குறிப்பு. போனில் ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றி 64.4 என்றும் 41 என்றும் எழுதி அனுப்பினேன். கடைக்காரர் பெட்டியைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். எங்கே தப்பு? (குன்னூர்)

18-ஐ மாற்றியது சரி. 5-ஐ மாற்றியதுதான் தப்பு.

18 என்பது தெர்மாமீட்டரில் ஒரு புள்ளி. 5 அப்படியல்ல. அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம். செல்சியஸின் பூஜ்யமும் ஃபாரன்ஹீட்டின் பூஜ்யமும் ஒரே இடத்தில் இல்லாததால்தான் 32-ஐக் கூட்டுகிறோம். தூரத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. வேறுபாடே இல்லை என்றால் செல்சியஸிலும் பூஜ்யம், ஃபாரன்ஹீட்டிலும் பூஜ்யம். அதனால் வேறுபாட்டை 1.8-ஆல் பெருக்கினால் போதும், 32 அங்கே வரவே கூடாது.

```
வெப்பநிலை:   °F = °C × 1.8 + 32
வேறுபாடு:    °F = °C × 1.8
```

உங்கள் 5 டிகிரி ஏற்ற இறக்கம் ஃபாரன்ஹீட்டில் 9 டிகிரி. நீங்கள் எழுதிய 41-ஐ ஏற்ற இறக்கம் என்றே ஒருவர் படித்தால், கிட்டத்தட்ட 23 செல்சியஸ் டிகிரி ஏறி இறங்கலாம் என்று அனுமதி கொடுத்ததாக ஆகும். சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய் இளகி மேலே வந்து வெளுத்துப்போகும். கடைக்காரர் அதை "41-இல் வை" என்று படித்திருக்கிறார். ஃபாரன்ஹீட் 41 என்பது செல்சியஸ் 5, அதாவது ஃபிரிட்ஜ் குளிர். அங்கிருந்து வெளியே எடுத்ததும் பெட்டிக்குள் நீர் வேர்க்கும், மேல்பரப்புச் சர்க்கரை கரைந்து காயும், மறுபடியும் வெள்ளைப் படலம்தான். ஒரே எண்ணை இரண்டு விதமாகத் தப்பாகப் படிக்க முடிந்திருக்கிறது.

அடுத்த பெட்டியில் இப்படி எழுதுங்கள்: 64 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வேண்டாம், ஏற்ற இறக்கம் 9 ஃபாரன்ஹீட் டிகிரிக்குள். பக்கத்திலேயே செல்சியஸ் எண்களும் இருக்கட்டும். 64.4-ஐ ஏன் 64 ஆக்கினேன் என்பது கீழே வேறொரு பதிலில் வருகிறது.

மூலத்தில் "ஏற்ற இறக்கம்", "வித்தியாசம்", "கூட்டு", "குறை", "ப்ளஸ் ஆர் மைனஸ்" என்று வந்தாலே கையை நிறுத்துங்கள். போன் இந்தச் சொற்களைப் பார்க்காது. நீங்கள் கொடுக்கும் எண்ணைத் தெர்மாமீட்டர் புள்ளி என்றே அது எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: அமெரிக்க ஃபட்ஜ் செய்முறை ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். பாகு 235 டிகிரி ஃபாரன்ஹீட் வர வேண்டும், மலைப்பகுதி என்றால் ஒவ்வொரு 1000 அடிக்கும் 2 டிகிரி குறைக்க வேண்டும் என்று இருக்கிறது. 2-ஐ மாற்றினால் மைனஸ் 16.7 வருகிறது! சரி, அதை விட்டுவிடலாம் என்று 113 செல்சியஸ் மட்டும் எழுதினேன். ஊட்டியில் செய்து பார்த்தவர்கள் கல்லாக இறுகிவிட்டது என்கிறார்கள். (ஊட்டி)

மேலே சொன்ன அதே சிக்கல்தான். குறைக்கச் சொன்ன 2 டிகிரி ஒரு வேறுபாடு. 1.8-ஆல் வகுத்தால் 1.1 செல்சியஸ் டிகிரி. மைனஸ் 16.7 என்று வந்தபோதே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, அது நல்ல அறிகுறி. ஆனால் அந்த வரியை நீக்கியிருக்கக் கூடாது. ஊட்டிக்காரருக்கு அந்தச் செய்முறையில் மிக முக்கியமான வரி அதுதான்.

கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அடியில் 7,350. ஆயிரம் அடிக்கு 1.1 என்றால் மொத்தம் 8 செல்சியஸ் டிகிரி குறைய வேண்டும். 235 ஃபாரன்ஹீட் என்பது 113 செல்சியஸ். அதிலிருந்து 8 போக 105. ஊட்டிக்கு எழுத வேண்டிய எண் இதுதான்.

ஏன் குறைக்கிறோம் என்றால், பாகின் பதம் அதில் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மலையில் காற்றழுத்தம் குறைவு, நீர் முன்னதாகவே கொதித்து வெளியேறுகிறது. கடற்கரையில் 113-இல் எவ்வளவு நீர் மிஞ்சுமோ அவ்வளவு நீர் ஊட்டியில் 105-இலேயே மிஞ்சும். ஊட்டியில் 113 வரை காய்ச்சினால் அது கடற்கரையில் 121-க்குக் காய்ச்சியதற்குச் சமம். அது உருட்டுப் பதத்தைத் தாண்டிக் கெட்டிப் பதம். கல்லாக இறுகியதற்குக் காரணம் இதுவே.

செய்முறையில் இன்னொரு வரியும் சேருங்கள். தெர்மாமீட்டரை முதலில் கொதிக்கும் வெறும் தண்ணீரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 100-க்கு எவ்வளவு குறைவாகக் காட்டுகிறதோ அவ்வளவையும் 113-இலிருந்து கழித்தால் போதும். ஊட்டியில் 92-ஐ ஒட்டி நிற்கும். கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ செய்பவர் உயரத்தைத் தேட வேண்டியதில்லை, தெர்மாமீட்டரில் ஏதாவது பிசகு இருந்தாலும் அதில் பெரும்பாலும் சரியாகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலில் மெதுவாக உருட்ட வருகிறதா என்று நம் வீடுகளில் பார்க்கும் பழைய முறை எந்த உயரத்திலும் பொய் சொல்லாது. அதையும் எழுதுங்கள்.

இந்தத் திருத்தம் கொதிக்கும் பாகுக்கு மட்டும்தான். சாக்லேட்டைப் பதப்படுத்தும் 31, 32 செல்சியஸ் போன்ற எண்களில் கை வைக்காதீர்கள், அங்கே கொதிப்புக்கு வேலையே இல்லை. அந்த எண்களை முழு டிகிரிக்கு மேல் முறிக்கவும் வேண்டாம். ஓவன் சூட்டை 350 ஃபாரன்ஹீட்டிலிருந்து மாற்றும்போது மட்டும் 176.7 என்று எழுதாமல் 175 அல்லது 180 எனலாம். ஓவன் குமிழில் அதற்கு மேல் நுணுக்கமாகத் திருப்ப முடியாது.

கேள்வி: கிலோவைப் பவுண்டாக மாற்றும்போது தசமத்தை எப்படி முறிப்பது? பள்ளியில் சொன்னதுபோல 5-க்கு மேல் என்றால் கூட்டி, கீழே என்றால் விட்டுவிடலாமா? (கோத்தகிரி)

அந்த எண் எதற்காக அங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். "இதன் மேல் 12 கிலோவுக்கு மேல் அடுக்காதே" என்றால் 26.46 பவுண்டு. அது உச்ச வரம்பு, கீழ்நோக்கி முறித்து 26 எழுத வேண்டும். 26.6 என்று வந்திருந்தாலும் 26-தான். மேலே 64.4-ஐ 64 ஆக்கியதும் இப்படித்தான். "குறைந்தது 20 கிலோ வாங்க வேண்டும்" என்பது 44.09 பவுண்டு. 44 என்று எழுதினால் அவர் 44 பவுண்டு கேட்பார், அது 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அங்கே மேல்நோக்கி 45.

பொட்டலத்தின் நிகர எடையில் கூட்டவே கூடாது. 250 கிராம் தேயிலை என்பது 8.82 அவுன்ஸ். பார்க்க அழகாக இருக்கிறதென்று 9 போட்டால் 255 கிராம் இருப்பதாகச் சொன்னதாகிறது, உள்ளே அது இல்லை. 8.8 என்று எழுதுங்கள். அமெரிக்கக் கடைப் பொட்டலத்தில் அவுன்ஸும் கிராமும் இரண்டுமே இருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம், அதனால் இந்தப் பொருத்தத்தை யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடியும்.

கேள்வி: திரவ உரம் ஒன்றின் ஆங்கிலக் குறிப்பைக் கேரட் விவசாயிகளுக்காகத் தமிழாக்குகிறேன். "ஒரு கேலனுக்கு 2 அவுன்ஸ்" என்கிறது. ஒரு லிட்டருக்கு எவ்வளவு? (கேத்தி)

அது எந்த நாட்டுக் குறிப்பு என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். திரவ அவுன்ஸும் இரு நாட்டிலும் ஒன்றல்ல. அமெரிக்கக் குறிப்பு என்றால் உங்கள் கணக்கு லிட்டருக்கு 15.6 மில்லி, பிரிட்டிஷ் என்றால் 12.5 மில்லி. பத்து லிட்டர் தெளிப்பானில் 156 மில்லிக்கும் 125 மில்லிக்கும் உள்ள வித்தியாசம் இலை கருகுமளவுக்குப் போகலாம். தயாரிப்பாளர் முகவரியைப் பாருங்கள். பக்கத்திலேயே லிட்டர் கணக்கு அச்சிட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் மாற்றவே வேண்டாம்.

அதே அவுன்ஸ் பொடி உரத்தின் குறிப்பில் வந்தால் அது எடை அவுன்ஸ், 28.35 கிராம். மில்லியில் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ஜெர்மனிக்குத் தேயிலை அனுப்புகிறோம். அங்கேயும் கிலோதானே, மாற்றுவதற்கு எதுவும் இல்லையே? (குன்னூர்)

அளவு மாறவில்லை, புள்ளியும் காற்புள்ளியும் மாறுகின்றன. அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி. நீங்கள் ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிலோ என்று நினைத்து 1,250 kg எழுதினால் அவர் ஒன்றேகால் கிலோ என்று படிக்கக்கூடும். ஒன்றேகால் கிலோ மாதிரிப் பொட்டலத்துக்கு 1.250 kg என்று எழுதினால் நேர் எதிர். சரக்குக் கடிதத்தில் ஆயிரத்துக்குக் குறியே போடாமல் 1250 kg என்றும், சின்னப் பொட்டலத்துக்குக் கிராமில் 1250 g என்றும் எழுதுவது என் வழக்கம். லட்சத்துக்கு நாம் போடும் 1,50,000 வெளிநாட்டவருக்குப் புரியாது, அங்கேயும் குறியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு விருந்தினருக்கான குறிப்பில், மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை மலை ரயில் 46 கிலோமீட்டர் என்பதை 28.58 மைல் என்று போடலாமா? (குன்னூர்)

மூலத்தில் இரண்டு இலக்கம்தான் இருக்கிறது, மொழிபெயர்ப்பில் நான்கு இலக்கத் துல்லியம் எங்கிருந்து வரும்? "சுமார் 29 மைல்" போதும். மைலுக்குச் சுருக்கமாக m என்று மட்டும் எழுதாதீர்கள், மீட்டர் என்று படிப்பார்கள். 29 மைல் என்றதும் சமவெளிக்காரர் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடுவார். ரயில் மேலே ஏற ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும் என்பதை அந்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.