மேலிருந்து கீழே என்பதற்கு என்ன அத்தாட்சி?

"எல்லோரா கைலாசநாதர் கோயிலை மேலிருந்து கீழாகக் குடைந்தார்கள் என்கிறார்கள். சாரம் கட்டிக் கீழிருந்தும் செதுக்கியிருக்கலாமே? எதை வைத்து நம்புவது?"

எல்லோராவில் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டதால் அங்கே கண்டுபிடிப்பது கடினம். பாதியில் நின்ற கோயிலைப் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டம் கழுகுமலையில் இருக்கும் வெட்டுவான் கோயில் அப்படிப்பட்டது. எல்லோராவைப் போலவே 8-ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலத்து வேலை.

மலையின் மேற்பகுதியில் மூன்று பக்கமும் அகழிபோல ஆழமாக வெட்டி, நடுவில் ஒரு பாறையைத் தனியாக விட்டிருக்கிறார்கள். அதில் சிகரம், நந்திகள், மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி எல்லாம் நகக்கண் வரை மெருகேறி நிற்கின்றன. கீழே இறங்க இறங்க வேலை குறைகிறது; அடிப்பகுதி வெறும் பாறை. கீழிருந்து தொடங்கியிருந்தால் இது தலைகீழாக இருந்திருக்கும்.

காரணமும் நேரடியானது. இன்னும் வெட்டாத பாறையே சிற்பி நிற்கும் தளம், அதனால் உயரத்துக்குச் சாரம் வேண்டாம். சில்லுகள் கீழே விழுந்தாலும், முடிந்த சிற்பங்கள் மேலே பத்திரமாக இருக்கும்.

ஆனால் விலையும் உண்டு. எல்லோரா முற்றத்தில் தனியாக நிற்கும் இரண்டு பெரிய தூண்களைக் கவனியுங்கள். அவையும் அதே மலைதான். கோயிலைச் சுற்றிப் பாறையை அகற்றும்போதே, தூண் வரப்போகும் இடத்தைத் தொடாமல் விட்டிருக்க வேண்டும். அப்புறம் நினைத்துக்கொண்டு சேர்க்க முடியாது. எனக்கு அந்தத் திட்டமிடல்தான் சிற்பங்களைவிடப் பெரிய வியப்பு.