‘வென்’ வந்தால் ‘வில்’ ஓடிவிடுமா?

கேள்வி: மேலதிகாரிக்கு ‘ஐ வில் இன்ஃபார்ம் யூ வென் ஐ வில் ரிசீவ் த டாக்குமென்ட்ஸ்’ என்று எழுதினேன். இரண்டாவது ‘வில்’லை அடித்துவிட்டார். ஆவணங்கள் இனிமேல்தானே வரப்போகின்றன, அதை எப்படி நிகழ்காலத்தில் எழுதுவது? ‘வென்’ வந்தால் பக்கத்தில் ‘வில்’ வரவே கூடாது என்று பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள். அது சரிதானா?

பதில்: உங்கள் மேலதிகாரி அடித்தது சரி. வகுப்பில் சொல்வது சரியில்லை. இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால்தான் இவ்வளவு குழப்பம்.

முதலில் தமிழையே பாருங்கள். ‘வேலை முடிந்ததும் கூப்பிடுகிறேன்’ என்று தினமும் சொல்கிறோம். ‘முடிந்தது’ இறந்தகால வடிவம், ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. ‘கூப்பிடுகிறேன்’ நிகழ்காலம், ஆனால் இப்போது கூப்பிடவில்லை. கேட்பவர் யாரும் குழம்புவதில்லை. எதற்குப் பிறகு எது நடக்கும் என்பதைத்தான் அந்த வாக்கியம் சொல்கிறது, அது புரிந்துவிடுகிறது.

ஆங்கிலத்துக்கும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. வாக்கியத்தின் முதன்மைப் பகுதியில் ஒருமுறை ‘வில்’ போட்டுவிட்டால் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரிந்துவிடும். ‘வென்’, ‘ஆஸ் சூன் ஆஸ்’, ‘அன்டில்’, ‘பிஃபோர்’ என்று தொடங்கும் பகுதி அதன் மேல் சாய்ந்து நிற்கும் துணைப் பகுதிதான். அதற்குத் தனியாக இன்னொரு ‘வில்’ தேவையில்லை. ஆகவே ‘ஐ வில் இன்ஃபார்ம் யூ வென் ஐ ரிசீவ் த டாக்குமென்ட்ஸ்.’ இந்த ‘ரிசீவ்’ என்ற வடிவத்துக்கு நிகழ்காலம் என்று பெயர் வைத்ததுதான் வினை. பெயரை நம்பி ‘இப்போது நடப்பது’ என்று நினைக்காதீர்கள். காலத்தைப் பக்கத்து வினைச்சொல்லிடமிருந்து வாங்கிக்கொள்ளும் வெறும் வடிவம் என்று நினைத்தால் போதும். பன்னிரண்டு கட்டம் போட்ட கால அட்டவணையை மனப்பாடம் செய்யவைத்து மதிப்பெண் போடும் முறையில் இதைச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வாக்கியம் தனித்தனியாகக் கிடக்கும். இரண்டு பகுதிகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அட்டவணைக்கே தெரியாது.

நம் கை எங்கே தவறுகிறது என்றால், தமிழில் இந்த நான்கு சொற்களும் ஒரே வடிவத்தில் இல்லை. ‘வரும்போது’, ‘வரும்வரை’, ‘வருவதற்கு முன்’ என்ற மூன்றிலும் எதிர்கால வடிவம் ஒளிந்திருக்கிறது. அதனால் கை தானாக ‘வில் கம்’ என்று எழுதிவிடுகிறது. ‘வந்ததும்’ என்பதில் இருப்பது இறந்தகாலம். அதை மனதில் வைத்து ‘ஆஸ் சூன் ஆஸ் ஹி கேம், ஐ வில் டெல் யூ’ என்று எழுதுகிறவர்களையும் நிறையப் பார்க்கிறேன். தமிழில் இறந்தகாலமோ எதிர்காலமோ எது இருந்தாலும் சரி, இனி நடக்கப்போகும் விஷயம் என்றால் ஆங்கிலத்தில் நான்குக்கும் ஒரே வடிவம்தான்: ‘ஹி கம்ஸ்’.

என் மேசைக்கு வந்த ஒரு கடிதத்தின் மூன்று வரிகளை வைத்துச் செய்து காட்டுகிறேன்.

‘ஆஸ் சூன் ஆஸ் த சர்ட்டிஃபிகேட் வில் பி ரெடி, மை பிரதர் வில் கலெக்ட் இட். ஐ வில் வெயிட் அன்டில் ஹி வில் கம் பேக். பிஃபோர் ஐ வில் சப்மிட் இட், ஐ வில் டேக் எ காபி.’

மொத்தம் ஆறு ‘வில்’ இருக்கிறது. நம் நான்கு சொற்களுக்குப் பின்னால் வரும் பகுதியில் இருப்பதை மட்டும் அடித்தால் மூன்று போய் மூன்று நிற்கும். பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். அடித்த பிறகு மிஞ்சியிருப்பதைப் படித்துப் பாருங்கள்: ‘த சர்ட்டிஃபிகேட் பி ரெடி’, ‘ஹி கம் பேக்’, ‘ஐ சப்மிட் இட்’. மூன்றாவது மட்டும்தான் சரி. ‘வில்’ இருக்கும்வரை வினைச்சொல் மாறாமல் இருந்தது. ‘வில்’ போனதும் அது எழுவாய்க்கு ஏற்ப மாறியாக வேண்டும். ‘பி’ என்பது ‘இஸ்’ ஆகும், ‘கம்’ என்பது ‘கம்ஸ்’ ஆகும். இப்போது வாக்கியங்கள் இப்படி நிற்கும்: ‘ஆஸ் சூன் ஆஸ் த சர்ட்டிஃபிகேட் இஸ் ரெடி, மை பிரதர் வில் கலெக்ட் இட். ஐ வில் வெயிட் அன்டில் ஹி கம்ஸ் பேக். பிஃபோர் ஐ சப்மிட் இட், ஐ வில் டேக் எ காபி.’

அடிக்கிற உற்சாகத்தில் முதன்மைப் பகுதியின் ‘வில்’லையும் அடித்துவிடாதீர்கள். ‘வென் ஐ ரிசீவ் த டாக்குமென்ட்ஸ், ஐ இன்ஃபார்ம் யூ’ என்று எழுதினால், ஆவணம் கிடைக்கும்போதெல்லாம் தெரிவிப்பது வழக்கம் என்று பொருளாகிவிடும். தமிழில் ‘தெரிவிக்கிறேன்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்த வழுக்கல் எளிது.

அப்புறம் ‘அன்டில்’. ‘நீங்கள் கையெழுத்துப் போடாதவரை நான் அனுப்ப மாட்டேன்’ என்பதை ‘அன்டில் யூ டோன்ட் சைன், ஐ வில் நாட் சென்ட் இட்’ என்று எழுதுகிறார்கள். ‘அன்டில்’லுக்குள் இன்னொரு ‘நாட்’ வேண்டாம். ‘ஐ வில் நாட் சென்ட் இட் அன்டில் யூ சைன்’, அவ்வளவுதான்.

சரி, இனி அந்த வகுப்புச் சூத்திரத்துக்கு வருவோம். ‘வென் பக்கத்தில் வில் வராது’ என்பது விற்பதற்கு வசதியான சரக்கு. ஒரு வரியில் முடிகிறது, தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம். கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் பெரும்பாலும் மதிப்பெண்ணும் கிடைக்கும், ஏனென்றால் கேள்வி தயாரிப்பவரும் அதே தாளைப் படித்தவர்தான். விண்ணப்பங்களைக் காசு வாங்கிக்கொண்டு ‘திருத்தித்’ தருகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ‘வென்’ எங்கே என்று தேடுவார்கள், அடுத்த ‘வில்’லை வெட்டுவார்கள். வாக்கியத்தைப் படிப்பதில்லை.

இதனால் நானே ஒருமுறை சிக்கினேன். ஓர் அலுவலகத்துக்கு ‘ப்ளீஸ் டெல் அஸ் வென் த ரிசல்ட்ஸ் வில் கம்’ என்று எழுதி, அனுப்பும் பொறுப்பை அப்படி ஒரு திருத்துபவரிடம் விட்டிருந்தேன். அவர் தன் சூத்திரப்படி ‘ப்ளீஸ் டெல் அஸ் வென் த ரிசல்ட்ஸ் கம்’ என்று மாற்றி அனுப்பிவிட்டார். நான் கேட்டது ‘முடிவுகள் எப்போது வரும் என்று சொல்லுங்கள்’. போய்ச் சேர்ந்தது ‘முடிவுகள் வந்ததும் சொல்லுங்கள்’. அந்த அலுவலகம் குற்றமில்லாமல் காத்திருந்து, முடிவுகள் வந்த பிறகு பதில் போட்டது. தேதியை வைத்துத் திட்டமிட வேண்டியதெல்லாம் அதற்குள் கைநழுவிவிட்டது.

இந்த ஒரு விலக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை நான் இங்கே தொடப்போவதில்லை. ஆங்கிலத்தில் ‘வென்’ இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, நேரத்தைக் குறிப்பது: ‘வரும்போது’, ‘வந்ததும்’. இங்கே ‘வில்’ வராது. இன்னொன்று, நேரத்தைக் கேட்பது: ‘எப்போது’. இங்கே ‘வென்’ தொடங்கும் பகுதி ஒரு கேள்வி, வாக்கியத்துக்குள் மடித்து வைத்த கேள்வி. எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால் ‘வில்’ தாராளமாக வரும். ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’, ‘ஆஸ்க் ஹெர் வென் ஷி வில் பி ஃப்ரீ’ எல்லாம் சரியான வாக்கியங்கள். இங்கே ‘வில்’லை எடுத்துவிட்டு ‘ஐ டோன்ட் நோ வென் ஹி கம்ஸ்’ என்றால், அவர் வழக்கமாக எப்போது வருவார் என்பது தெரியாது என்று கேட்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் மறைந்திருப்பதைத் தமிழ் இரண்டு சொல்லாகப் பிரித்தே வைத்திருக்கிறது. அதுதான் நம்மிடம் உள்ள சோதனை. எழுதிய வாக்கியத்தைத் தமிழில் சொல்லுங்கள். ‘எப்போது’ வந்தால் ‘வில்’லைத் தொடாதீர்கள். ‘போது’ என்றோ ‘ததும்’ என்றோ முடிந்தால் அடியுங்கள். ‘ஆஸ்க் ஹிம் வென் ஹி கம்ஸ்’ என்றால் ‘அவர் வந்ததும் அவரிடம் கேள்’. ‘ஆஸ்க் ஹிம் வென் ஹி வில் கம்’ என்றால் ‘எப்போது வருவார் என்று அவரிடம் கேள்’. இரண்டுமே இலக்கணப்படி சரிதான். நீங்கள் எதைச் சொல்ல நினைத்தீர்கள் என்பது திருத்துபவரின் தாளில் இருக்காது.

ஐயம் தீரவில்லை என்றால் ‘வென்’ இருந்த இடத்தில் ‘ஆன் வாட் டே’ என்று போட்டுப் படியுங்கள். பொருள் பொருந்தினால் அது கேள்வி. ‘டெல் அஸ் ஆன் வாட் டே த ரிசல்ட்ஸ் வில் கம்’ பொருந்துகிறது. ‘ஐ வில் இன்ஃபார்ம் யூ ஆன் வாட் டே ஐ ரிசீவ்’ என்று உங்கள் வாக்கியத்தில் போட்டால் நீங்கள் சொல்ல வந்தது மாறிப்போகிறது. ‘ஆஸ் சூன் ஆஸ்’, ‘அன்டில்’, ‘பிஃபோர்’ மூன்றும் இப்படிக் கேள்வி கேட்பதில்லை. அவற்றோடு இந்தச் சோதனை தேவையே இல்லை.

இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால்? ‘ஆஸ் சூன் ஆஸ் ஐ நோ வென் த ரிசல்ட்ஸ் வில் கம், ஐ வில் கால் யூ.’ முடிவுகள் எப்போது வரும் என்று தெரிந்ததும் கூப்பிடுகிறேன். ‘ஆஸ் சூன் ஆஸ்’ தொடங்கிவைத்த ‘நோ’வுக்கு ‘வில்’ இல்லை. ‘எப்போது’ என்று கேட்கும் ‘வென்’னுக்குள் ‘வில்’ இருக்கிறது. முதன்மைப் பகுதியிலும் இருக்கிறது. ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். இதைச் சூத்திரக்காரரிடம் கொடுத்தால் முதல் ‘வில்’லைத்தான் வெட்டுவார்.

நீங்கள் அடுத்து அதே மேலதிகாரிக்கு ‘ப்ளீஸ் டெல் மீ வென் யூ வில் நீட் த டாக்குமென்ட்ஸ்’ என்று எழுதவேண்டி வரலாம். அப்போது இந்த முறை அடி வாங்கிய நினைவில் ‘வில்’லை நீங்களே எடுத்துவிடாதீர்கள். ‘எப்போது தேவைப்படும்’ என்றுதானே கேட்கிறீர்கள். எடுத்துவிட்டால் ‘தேவைப்படும்போது சொல்லுங்கள்’ என்று அவர் படித்துக்கொண்டு, தேவைப்படும் அன்று காலையில்தான் சொல்வார்.