ஒசாகா தலையாட்டுகிறது, நெதர்லாந்து முகத்துக்கு நேரே சொல்கிறது: கூட்டத்தை எப்படி நடத்துவது?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் குழுவுக்குத் தலைமை வகிக்கிறேன். இங்கே ஆறு பேர், ஒசாகாவில் இருவர், நெதர்லாந்தில் ஒருவர். நெதர்லாந்துக்காரர் எல்லார் முன்னாலும் "இந்த டிசைன் சரியில்லை" என்கிறார், என் பிள்ளைகள் வாடிப்போகிறார்கள். ஒசாகாக்காரர்கள் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு மறுவாரம் தயங்குகிறார்கள். சென்னையில் "முடிச்சுடலாம் சார்" என்பார்கள், தேதி தவறிவிடும். யாரை எப்படித் திருத்துவது?

பதில்: ஆட்களைத் திருத்தக் கிளம்பினால் வருடக்கணக்காகும். கூட்டம் நடத்தும் முறையை அடுத்த வாரமே மாற்றிவிடலாம், அதைச் செய்யுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். மேலதிகாரிக்கு எவ்வளவு மரியாதை என்பது ஒரு விஷயம், மனதில் பட்டதை எவ்வளவு நேரடியாகச் சொல்வது என்பது இன்னொரு விஷயம். இரண்டும் சேர்ந்தே போகும் என்று எண்ணித்தான் பலர் தடுமாறுகிறார்கள். பிரான்சில் பதவிக்கு மதிப்பு அதிகம், ஆனாலும் விமர்சனம் காரமாக வரும். அமெரிக்காவில் முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஆனால் குறையைச் சொல்வதற்கு முன் நாலு பாராட்டு வைப்பார்கள்.

உங்களுக்கு உண்மையில் சிக்கலானது ஒசாகா. ஜப்பானில் பதவி அடுக்கு பலமானது, அதனால் அங்குள்ள மேலாளரைச் சம்மதிக்க வைத்தால் போதும் என்று நினைப்பீர்கள். அங்கேதான் விதிவிலக்கு. பல ஜப்பானிய நிறுவனங்களில் முடிவு கீழிருந்து மேலே போகிறது. 'ரிங்கி' என்ற முறையில் ஒரு குறிப்பு மேசை மேசையாகச் சுற்றும், ஒவ்வொருவரும் முத்திரை வைப்பார்கள். பெரியவர் கைக்கு வரும்போது பேச்செல்லாம் முடிந்திருக்கும். அதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி இணக்கம் தேடுவதை 'நெமவாஷி' என்பார்கள். ஆகவே கூட்டத்தில் புதிதாக ஒன்றைப் போட்டு அங்கேயே பதில் கேட்டால், அந்த இருவரும் சொந்தமாகச் சொல்ல முடியாத பதிலைக் கேட்கிறீர்கள். தலையாட்டல், கேட்டுக்கொண்டோம் என்பதற்கான மரியாதை. பற்களுக்கிடையே மூச்சை இழுத்து ஒரு கணம் நிறுத்தினால், அந்த வேலையில் சிக்கல் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிவு வர நாளாகும், வந்தபின் வேலை வேகமாக நடக்கும். வந்த முடிவை நீங்கள் போனில் மாற்றினால் அத்தனை முத்திரைக்கும் மறுபடி அலைய வேண்டும்.

உதாரணமாக, வெளியீட்டுத் தேதியை வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திங்களன்றே ஒரு பக்க வரைவை 'இது இன்னும் முடிவாகவில்லை' என்ற குறிப்போடு ஒசாகாவுக்கு அனுப்புங்கள். புதனன்று இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். "முடியுமா?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் தாமதம் வரலாம்?" என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை கூட்டம், ஏற்கெனவே தெரிந்ததை உறுதி செய்வதற்கு மட்டும்.

சென்னைக்கும் அதே கேள்விதான், ஆனால் எழுத்தில். என்னென்ன முடிந்தது, என்ன பாக்கி, யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று வியாழன் மாலைக்குள் ஒவ்வொருவரும் எழுதட்டும். நீங்கள் கடைசியில் பேசுங்கள். தலைவர் முதலில் ஒரு தேதியைச் சொல்லிவிட்டால் அதற்கு எதிராக யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தாமதத்தை முதலில் சொன்னவரைத் திட்டாதீர்கள், ஒரு முறை திட்டினால் அடுத்தது உங்கள் காதுக்கு வராது.

நெதர்லாந்துக்காரர் குறை சொல்வது வேலையைத்தான், ஆளை அல்ல. அவரை அடக்காதீர்கள், அவர் சொல்வது உங்களுக்குத் தேவை. கூட்டத்துக்கு முந்தின நாளே ஆவணத்தின் ஓரத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், எந்த வரி, என்ன மாற்று என்பதோடு. அவரிடம் வேலை கேட்கும்போது "நேரமிருந்தால் பாருங்கள்" என்று எழுதினால், நேரமில்லை என்று விட்டுவிடுவார். "வியாழனுக்குள் வேண்டும்" என்று எழுதுங்கள், கோபிக்க மாட்டார்.

இனி எச்சரிக்கை. ஒரு நாள் 'கலாசாரப் பயிற்சி' விற்பவர்கள் நாட்டுக்கு ஒரு மதிப்பெண் காட்டுவார்கள்: அதிகார இடைவெளியில், அதாவது மேல் கீழ் வித்தியாசத்தை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதில், இந்தியா 77, ஜப்பான் 54, நெதர்லாந்து 38. இவை ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் கணக்கிட்டவை. பெரும்பகுதி ஐபிஎம் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கணக்கெடுப்பு. நாடுகளின் சராசரியை ஒரு தனி ஆளுக்குப் பொருத்தக் கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். அந்த ஸ்லைடைக் காட்டிப் பணம் வாங்குபவர்கள் இதைச் சொல்வதில்லை, நிறுவனங்களும் கேட்பதில்லை. பயிற்சி நடந்தது என்று பதிவேட்டில் டிக் விழுந்தால் அவர்களுக்குப் போதும். ஆண்டு மதிப்பீட்டுப் படிவமும் அப்படித்தான். 'கூட்டத்தில் துணிந்து பேசுகிறாரா' என்று ஒரே கேள்வியை ஒசாகாவுக்கும் நெதர்லாந்துக்கும் போட்டு, அமைதியாக வேலை செய்தவருக்கு மதிப்பெண் குறைக்கிறது. அந்த வரிக்கு அருகில் அவருடைய எழுத்துக் கருத்துகளை இணைத்து அனுப்புங்கள்.

அதைவிட ஆபத்து, நடுவில் நிற்கும் ஒருங்கிணைப்பாளர். ஜப்பான் வேலைகளில் 'பிரிட்ஜ்' என்று ஒருவரை வைப்பார்கள். நல்லவர் கிடைத்தால் பெரிய உதவி. ஆனால் சிலர் ஒசாகாவின் கவலையை மழுப்பி உங்களுக்கும், உங்கள் தாமதத்தை மழுப்பி அவர்களுக்கும் சொல்லி, தாங்கள் இல்லாமல் எதுவும் நகராதபடி பார்த்துக்கொள்கிறார்கள். தேதி தவறிய பிறகுதான் வெளியே வரும். பேசியது ஒவ்வொன்றையும் நாலு வரியில், சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக, ஒசாகாவின் இருவருக்கும் நீங்களே அனுப்புங்கள். பேசும்போது தயங்குபவர்கள் படித்துத் திருத்தி அனுப்புவார்கள். அந்தத் திருத்தம் ஒருங்கிணைப்பாளர் சொன்னதோடு அடிக்கடி ஒத்துப்போகவில்லை என்றால், அவரை மாற்றச் சொல்லி எழுதுங்கள்.